லீஸ் காரை நடுவில் விடுவதும் பெயர் மாற்றுவதும்: கேப் இன்சூரன்ஸ் எங்கே உதவும், எங்கே உதவாது

கேள்வி: “நியூ ஜெர்சியில் எச்1பி விசாவில் இருக்கிறேன். போன வாரம் வேலை போய்விட்டது, அநேகமாக ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். கார் 36 மாத லீஸ், 14 மாதம் கட்டிவிட்டேன், மாதம் 524 டாலர். கையெழுத்துப் போட்டபோது 3,000 டாலர் முன்பணம் கொடுத்தேன். இன்று கேட்டால், கணக்கை முழுவதும் தீர்க்கக் கட்ட வேண்டிய பேஆஃப் 28,700 என்கிறார்கள், ஆனால் டீலர் காருக்கு 25,500தான் தருவாராம். லீஸை இப்போதே முடிக்கலாமா, அல்லது நண்பர் ஒருவர் பெயருக்கு மாற்றிவிடலாமா? என் ஒப்பந்தத்தில் கேப் இன்சூரன்ஸ் இருக்கிறது. நடுவில் விழும் இந்த 3,200ஐ அது கட்டாதா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை நம்பித் திட்டம் போட்டுவிடக் கூடாது. கேப் இன்சூரன்ஸ் அந்த 3,200 டாலரில் ஒரு டாலரைக்கூடக் கட்டாது. கார் விபத்திலோ வெள்ளம் போன்றவற்றிலோ முழுவதுமாக அழிந்தாலோ, திருடுபோய்த் திரும்பக் கிடைக்காமல் போனாலோ மட்டும்தான், காப்பீட்டு நிறுவனம் தரும் பணத்துக்கும் லீஸ் பாக்கிக்கும் இடையிலான வித்தியாசத்தை அது ஏற்கும். நீங்களாகவே காரைத் திருப்பிக் கொடுத்தாலும், விற்றாலும், வேலை போனதால் கட்ட முடியாமல் போனாலும் அதற்கும் கேப்புக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் டீலர்ஷிப் பைனான்ஸ் அறையில் ஒன்பது ஆண்டுகள் லீஸ் ஒப்பந்தங்களைத் தயாரித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டுப் பாதிப் பேர் நீங்கள் நினைத்ததைப் போலத்தான் நினைக்கிறார்கள், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

28,700 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, லீஸ் தொடங்கியபோது காருக்கு வைத்த விலையில் முன்பணத்தைக் கழித்த தொகை. மற்றொன்று ரெசிடுவல், அதாவது 36 மாதம் கழித்துக் கார் இவ்வளவு பெறும் என்று நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்ட விலை. நீங்கள் சொல்லும் மாதத் தொகையையும் பேஆஃபையும் வைத்துப் பார்த்தால் முதலாவது 34,000க்கும் இரண்டாவது 20,000க்கும் அருகில் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான 14,000த்தை 36ஆல் வகுத்தால் மாதம் 389 டாலர், இது காரின் தேய்மானம். மிச்சமுள்ள 135 டாலர் வட்டி, லீஸ் ஒப்பந்தத்தில் அதற்கு ரென்ட் சார்ஜ் என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் வருகிறது. (வரியை விட்டுவிட்டுக் கணக்கிட்டிருக்கிறேன்.)

நீங்கள் இதுவரை 14 தவணைகளில் 7,336 டாலர் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் நிறுவனத்தின் கணக்கில் 34,000 என்பது 28,700க்குத்தான் இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ 5,300தான் அசலில் சேர்ந்தது, மீதி வட்டிக்குப் போயிற்று. வீட்டுக் கடனைப் போலவே இதிலும் தொடக்க மாதங்களில் வட்டியின் பங்கு அதிகம், பிற்காலத்தில் குறைவு. காரின் சந்தை விலையோ இதற்கு நேர்மாறாக, முதல் ஓரிரண்டு ஆண்டுகளில்தான் வேகமாக விழுகிறது. கணக்கில் உள்ள பாக்கி மெதுவாக இறங்க, காரின் விலை வேகமாக இறங்க, லீஸின் நடுப்பகுதியில் இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் விழுகிறது. உங்கள் 3,200 அந்தப் பள்ளம்தான். அதை யாராவது ஒருவர் நிரப்பியே ஆக வேண்டும். காரைத் திருப்பிக் கொடுப்பது, விற்பது, பெயர் மாற்றுவது ஆகிய மூன்றும் அதை யார், எவ்வளவு, எப்போது நிரப்புவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

காரை நேராக நிறுவனத்திடம் ஒப்படைத்து “முடித்துக்கொள்கிறேன்” என்று சொல்வது எளிதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் அதுவே அதிகச் செலவு. கார் மொத்த வியாபார ஏலத்துக்குப் போகும். அங்கே டீலர்கள் டீலர்களுக்காக வாங்குவார்கள் என்பதால் விலை இன்னும் கீழே நிற்கும். உங்கள் கார் 24,800க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் 28,700இல் அதைக் கழித்து 3,900 உங்கள் பொறுப்பு. அதற்கு மேல் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள முன்கூட்டி முடிக்கும் கட்டணமும், திருப்பிப் பெறும் கட்டணமும் சேரும். இரண்டும் சேர்ந்து 900 டாலர் என்று கொண்டால் மொத்தம் 4,800. ஏலம் முடியும் வரை இறுதித் தொகை தெரியாது என்பதும் ஒரு தொல்லை, நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பில் வரும். சில ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கும் மீதமுள்ள தவணைகளின் கூட்டுத்தொகையும் ஒப்பிடப்பட்டு எது குறைவோ அது வாங்கப்படும். உங்களுக்கு 22 தவணைகள் 11,528 டாலர் என்பதால் அந்த உச்சவரம்பால் இப்போது பயனில்லை, கடைசி ஐந்தாறு மாதங்களில்தான் பயன்படும்.

இதைப் பற்றி அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் சொல்வது மிகவும் திட்டவட்டமானது. நுகர்வோர் லீஸ் சட்டத்தின் கீழ் வரும் ரெகுலேஷன் எம் என்ற விதிப்படி, முன்கூட்டி முடித்தால் எந்த முறையில் தொகை கணக்கிடப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கட்டணமும் நியாயமானதாக இருக்க வேண்டும். “இந்த லீஸை முன்கூட்டி முடித்தால் கணிசமான தொகை கட்ட நேரிடலாம்” என்ற எச்சரிக்கை உங்கள் ஒப்பந்தத்திலும் கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும், அதை அடுத்து வரும் பத்தியைத் தேடிப் படியுங்கள். அதே விதியில் பலர் பயன்படுத்தாமல் விடும் ஓர் உரிமை உண்டு. உங்கள் பொறுப்பு காரின் விற்பனை விலையை வைத்துக் கணக்கிடப்படுமானால், உங்களுக்கும் நிறுவனத்துக்கும் ஒப்புதலான ஒரு சுதந்திர மதிப்பீட்டாளரை உங்கள் செலவில் அமர்த்தி, கார் எவ்வளவு பெறும் என்று எழுத்தில் வாங்கலாம். அந்த மதிப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஏலத்தில் 24,800 என்று வந்து, மதிப்பீட்டாளர் 26,000 என்று சொன்னால் 1,200 டாலர் உங்கள் பையில் மிச்சம். இதைச் சொல்லி எழுத்தில் கேட்பதற்கு ஒப்பந்தத்தில் நாள் கெடு இருக்கலாம், காரைக் கொடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

விற்பது என்றால் உங்கள் டீலர் சொன்ன 25,500ஐ ஏற்று, வித்தியாசம் 3,200ஐ நீங்கள் கட்டுவது. இது ஒரே நாளில் முடிகிறது, ஏலத்துக்குக் காத்திருக்க வேண்டாம், முடித்தல் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. 2021 முதல் 2022 வரை பழைய கார் விலை ஏறியபோது லீஸில் இருந்த கார்கள் பேஆஃபைவிட அதிக விலைக்குப் போயின. அந்த லாபத்தைப் பிற டீலர்கள் எடுத்துக்கொண்டதால் பல லீஸ் நிறுவனங்கள் மூன்றாம் தரப்பினர் பேஆஃப் கட்டி வாங்குவதைத் தடுத்துவிட்டன, அல்லது அவர்களுக்கென்று தனியாக உயர்ந்த பேஆஃப் வைத்தன. நீங்கள் கேட்டறிந்த 28,700 உங்களுக்கான தொகையா, டீலருக்கான தொகையா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஒரே காருக்கு இரண்டு தொகைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதே பிராண்டின் டீலருக்கு மட்டும் அனுமதி என்று இருந்தால் 25,500 சொன்ன டீலர் எந்த பிராண்ட் என்பதும் முக்கியம். நீங்களே பேஆஃப் கட்டி வாங்கி, தனியாருக்கு 27,900க்கு விற்கலாம் என்றால், நியூ ஜெர்சியில் 6.625 சதவீத விற்பனை வரி 1,900 டாலர் கட்ட நேரும், டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் உங்கள் பெயருக்கு வர வாரங்கள் ஆகும். கைக்காசு 30,600 போட்டு 27,900 பெறுவது வெறும் 500 டாலர் மிச்சத்துக்காக, அதுவும் ஊருக்குப் போகும் அவசரத்தில். நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது பெயர் மாற்றம். உங்கள் நிலையில் இதுதான் முதலில் முயல வேண்டியது என்று நினைக்கிறேன், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன். மற்ற வழிகளில் பள்ளத்தை இன்றே பணமாகக் கட்டுகிறீர்கள். பெயர் மாற்றத்தில் வேறொருவர் மீதி 22 மாதங்களை ஓட்டிக்கொண்டே கட்டிச் செல்கிறார், கார் லீஸின் முடிவில் இயல்பாகத் திரும்புகிறது, ஆகவே ஏல விலை என்ற பேச்சே எழுவதில்லை.

முதல் வேலை லீஸ் நிறுவனத்தை அழைப்பது. டீலரை அல்ல, ஏனென்றால் கார் இப்போது அந்த நிறுவனத்தின் சொத்து, டீலருக்கு இதில் அதிகாரம் இல்லை. நான்கு விஷயங்களைக் கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தை அவர்கள் அனுமதிக்கிறார்களா, எத்தனை மாதம் மீதம் இருக்க வேண்டும் (கடைசி ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு), மாற்றுக் கட்டணம் எவ்வளவு, அதை விடவும் முக்கியமாக, மாற்றிய பிறகு என் பொறுப்பு முழுமையாக விடுவிக்கப்படுகிறதா. இந்த நான்காவது கேள்வியைத்தான் மக்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் புதியவரை முழு லீஸ்தாரராக ஏற்று உங்களை வெளியே விட்டுவிடும். வேறு சில, புதியவர் கட்டாமல் விட்டால் உங்களிடமே திரும்ப வரும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும். இரண்டாவது வகையில் நீங்கள் சென்னையில் இருக்கும்போது நியூ ஜெர்சிக் கார் ஒன்றுக்கு மறைமுக ஜாமீன்தாரராக இருப்பீர்கள். அதற்கு ஒப்புக்கொள்வதா என்பது மாற்றிக்கொள்பவரை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறிமுகமே இல்லாதவருக்கு ஜாமீன் நிற்பதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அனுமதி உண்டு என்றால் எடுத்துக்கொள்பவரைத் தேட வேண்டும். உங்கள் நண்பர் தயாராக இருந்தால் நல்லது, இல்லையேல் ஸ்வாப்பலீஸ், லீஸ்டிரேடர் போன்ற தளங்களில் விளம்பரம் போடலாம். அவர் உங்கள் காரை எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள். 36,000 மைல் அனுமதியில் 11,000 மைல்தான் ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் 22 மாதத்துக்கு 25,000 மைல் மீதம், அதாவது மாதம் 1,136 மைல். இது உங்கள் காரின் பெரிய கவர்ச்சி. புது லீஸில் அவர் கட்டவேண்டிய தொடக்கக் கட்டணங்களும் முன்பணமும் இங்கே இல்லை, உறுதிமொழியும் மூன்று ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. இதையும் தாண்டி ஈர்க்க வேண்டுமானால் ஊக்கத்தொகை கொடுப்பது வழக்கம். 1,500 டாலர் கொடுத்தால் அவருக்கு மாதத் தவணை 524இலிருந்து 456க்குக் குறைந்தது போலாகும். மாற்றுக் கட்டணம் 600, விளம்பரம் 100, ஊக்கத்தொகை 1,500 என்றால் மொத்தம் 2,200. காரைத் திருப்பிக் கொடுப்பதைவிட 2,600 குறைவு, விற்பதைவிட 1,000 குறைவு. ஊக்கத்தொகையைப் பெயர் மாற்றம் நிறைவேறிய பிறகு கொடுங்கள், விண்ணப்பம் போட்ட அன்றே கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தை நிறுவனம் கடன் வரலாற்றை வைத்துச் சரிபார்க்கும். உங்களைப் போலவே அண்மையில் அமெரிக்கா வந்த நண்பராக இருந்தால் இங்கேதான் தடை வரும், அவருக்கு ஆண்டுக்கணக்கில் நல்ல கடன் வரலாறு இராது, விண்ணப்பம் மறுக்கப்படலாம். அதனால் இன்னொருவரை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். ஒப்புதல் வந்ததும் அவர் லீஸ் நிறுவனத்தைக் காரின் உரிமையாளராகக் குறிப்பிட்டு, மோதல் பாதுகாப்பும், திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கான பாதுகாப்பும் அடங்கிய இன்சூரன்ஸ் எடுத்துச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். கார் பதிவையும் அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். கொடுக்கும் நாளில் காரைச் சுற்றிலும், சக்கரங்கள், கண்ணாடி, உள்ளே இருக்கைகள், மைல் காட்டும் டிஸ்ப்ளே ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். லீஸின் முடிவில் கீறல், சேதத்துக்கான கட்டணத்தைப் பற்றிய சண்டை புதியவருடையதுதான் என்றாலும், “இந்தக் கீறல் முன்பே இருந்தது” என்று அவர் உங்களைத் தேடி வராமல் இருக்க இதுவே துணை. சுங்கக் கட்டணத்துக்கான உங்கள் ஈஸிபாஸ் கருவியைக் கண்ணாடியிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். மறந்து விட்டுவிட்டால் மாதங்கள் கழித்தும் சுங்கக் கட்டணம் உங்கள் கார்டிலிருந்து கழியும்.

“நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் மாதாமாதம் எனக்கு அனுப்பட்டும், நான் கட்டிவிடுகிறேன்” என்பது நம்மவர்களிடையே மிகவும் பரவலான ஏற்பாடு. உங்கள் கேள்வியில் “நண்பர் ஒருவர் பெயருக்கு மாற்றிவிடலாமா” என்பதில் இந்த யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி இப்படித்தான் காரை அறைத்தோழரின் நண்பருக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது தன் இன்சூரன்ஸை ரத்துசெய்துவிட்டார். கார் வாங்கியவர் பணத்தைச் சேமிக்க, மற்றவர் சேதத்துக்கு மட்டும் ஈடு தரும் குறைந்தபட்சக் காப்பீட்டை எடுத்தார், சொந்தக் காருக்கான மோதல் பாதுகாப்பை எடுக்கவில்லை. நான்காம் மாதத்தில் நெடுஞ்சாலையில் விபத்து, கார் முழுச் சேதம். காருக்குக் காப்பீட்டுப் பணம் எதுவும் வரவில்லை. காப்பீட்டுப் பணமே வராததால் ஒப்பந்தத்தில் இருந்த கேப்பும் செல்லாமல் போயிற்று. ஏறத்தாழ 17,000 டாலர் பில் அந்தத் தம்பியின் பெயரில்தான் வந்தது. ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டே என்னிடம் தொலைபேசியில் அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணா, கார் என்கிட்ட இல்லையே, நான் எப்படிக் கட்டணும்?” கார் உங்களிடம் இருக்கிறதா என்பதை நிறுவனம் பார்ப்பதில்லை, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

இந்த நிகழ்வே கேப் எப்படி வேலை செய்கிறது என்பதையும் காட்டுகிறது. கேப் தனியாக நிற்கும் காப்பீடு அல்ல, முதன்மைக் காப்பீட்டின் மேல் ஏறி நிற்பது. உங்கள் காரை வைத்தே பார்ப்போம். இப்போது, 14ஆம் மாதத்தில், வெள்ளத்தில் மூழ்கி முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் அறிவிக்கிறது. அது காரின் அன்றைய சந்தை விலையைத் தரும், பாக்கியைத் தராது. அந்த விலை 26,800 என்றும், அதில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கான டிடக்டிபிள் 1,000 என்றும் வைத்துக்கொண்டால் லீஸ் நிறுவனத்துக்கு 25,800 டாலருக்குக் காசோலை வரும். நிறுவனத்தின் கணக்கில் பாக்கி 28,700. 28,700க்கும் 26,800க்கும் இடையே உள்ள 1,900ஐக் கேப் ஏற்றுக்கொள்ளும். டிடக்டிபிள் ஆயிரத்தைச் சில கேப் ஒப்பந்தங்கள் ஏற்கும், பல ஏற்காது, உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். விபத்துக்கு முன் நீங்கள் இரண்டு தவணை பாக்கி வைத்திருந்தால் அந்த 1,048 உங்கள் பொறுப்பு. பழுது பார்க்காத பழைய கீறலுக்காகக் காப்பீட்டு நிறுவனம் கழித்த தொகையும் பொதுவாக உங்களுடையதே. ஓட்டிய கூடுதல் மைல்களும் தாமதக் கட்டணமும் கேப்பின் எல்லைக்குள் வருவதில்லை.

நீங்கள் கொடுத்த முன்பணம் 3,000 பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் பலருக்குக் கசப்பு. கார் அழிந்தால் கேப் லீஸ் நிறுவனத்தின் பாக்கியைத் தீர்க்குமே ஒழிய உங்கள் முன்பணத்தைத் திருப்பித் தராது. காரை வாங்கிய முதல் மாதமே விபத்து நேர்ந்திருந்தாலும் அந்த 3,000 போயிருக்கும். முன்பணத்தால் மாதத் தவணை சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான், அது உங்கள் பெயரில் காரில் தங்கும் பங்கு அல்ல. அடுத்த முறை லீஸ் எடுத்தால் (எந்த நாட்டிலாயினும்) முன்பணத்தைக் குறைத்துவைத்து, அதே தொகையை வங்கியில் வைத்துக்கொள்வேன். கார் கணக்கில் பாக்கி இருக்கும் காலம் முழுவதும் முதன்மைக் காப்பீட்டில் மோதல் பாதுகாப்பை நிறுத்தக் கூடாது, கேப் கோரிக்கை முடியும் வரை மாதத் தவணையையும் நிறுத்தக் கூடாது. கோரிக்கை ஆறு வாரம் நீண்டு, இடையில் தவணை நின்றால் அது தவறிய தவணையாகவே கடன் அறிக்கையில் பதிவாகும்.

உங்கள் ஒப்பந்தத்தில் கேப் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. பல லீஸ்களில் அது தனிக் கட்டணம் இல்லாமல் ஒப்பந்தத்தின் ஒரு விதியாகவே இருக்கும்: கார் முழுச் சேதமானால் நிறுவனம் மீதத்தைத் தள்ளுபடி செய்யும் என்ற வாசகம். இப்படியிருந்தால் பெயர் மாற்றத்தின்போது பெரும்பாலும் அது புதியவருக்கும் தொடரும், நிறுவனத்திடம் அதை எழுத்தில் உறுதிசெய்யச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்பவருக்கு இது ஒரு நல்ல செய்தி. ஆனால் டீலரிடம் தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பல நூறு டாலர் கொடுத்து வாங்கியதாக இருந்தால் அது உங்களைச் சார்ந்தது, புதியவருக்குப் போகாது. அப்படியானால் லீஸ் முடிந்ததும் அல்லது மாறியதும் அதை ரத்துசெய்து, பயன்படுத்தாத காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விண்ணப்பம் நீங்கள் எழுத்தில் கொடுத்தால்தான் நடக்கும், தானாக நடப்பது அரிது.

இனி நாட்காட்டி. எச்1பியில் வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாள் வரை, அல்லது ஐ-94 முடியும் நாள் வரை, எது முன்னே வருகிறதோ அதுவரை தங்கலாம் என்பது விதி. கடன் சரிபார்ப்பு, ஒப்பந்தம், பதிவு மாற்றம் எல்லாம் சேர்ந்து பெயர் மாற்றத்துக்கு மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்வது சாதாரணம். அதனால் இந்த வாரமே நிறுவனத்தை அழையுங்கள். முடிவதற்குள் பயணம் செய்ய நேர்ந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு இந்தக் கார் தொடர்பான கையெழுத்துகளுக்கு மட்டும் பொருந்தும் பவர் ஆஃப் அட்டர்னியை நோட்டரி முன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதை ஏற்குமா என்பதை நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காரை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டு ஏறிவிடுபவர்களைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் செய்தால் தவணை தவறியவுடன் நிறுவனம் காரைப் பறிமுதல் செய்து ஏலம்விட்டு, மீதியை வசூல் முகவரிடம் தரும், அந்தப் பதிவு ஏழு ஆண்டுகள் கடன் அறிக்கையில் இருக்கும். திரும்பி வரும் எண்ணம் சிறிதாவது இருந்தால் அது உங்களுக்கு வீடு வாடகைக்கு எடுப்பதிலேயே குறுக்கே நிற்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இன்று லீஸ் நிறுவனத்தை அழைத்து அந்த நான்கு கேள்விகளையும், உங்களுக்கான பேஆஃப், டீலருக்கான பேஆஃப் இரண்டையும் தேதியோடு எழுத்தில் கேட்டுப் பெறுவேன். மூன்று வாரத்தில் தகுதியான ஒருவர் கிடைத்தால் பெயர் மாற்றம். நான்காம் வாரத் தொடக்கத்தில் யாரும் கிடைக்கவில்லையென்றால், அனுமதியுள்ள டீலரிடம் விற்று 3,200ஐக் கட்டிவிடுவேன். திருப்பிக் கொடுப்பதை அதற்குப் பிறகுதான் நினைப்பேன், அப்போதும் மதிப்பீட்டாளர் உரிமையைப் பயன்படுத்தாமல் அல்ல. ஒப்பந்தத்தில் முன்கூட்டி முடித்தல், பெயர் மாற்றம், கேப் மூன்றையும் பற்றிய பத்திகளை உங்கள் பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு அப்படியே எடுத்து இங்கே போட்டால், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாகச் சொல்கிறேன்.